‘எழுத்தறிவு நிலை’ என்ற தலைப்பு எதையும் சொல்லவில்லை

பெண்களுக்கு மாலை நேர எழுத்தறிவு வகுப்பு நடத்தும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எனக்கு முதலில் வந்த வேலை ஓர் அறிக்கை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்களை எடுத்து, இப்படிப்பட்ட வகுப்புகள் தமிழ்நாட்டில் இன்னும் தேவைதானா என்று பத்துப் பக்கத்துக்குள் எழுதித் தர வேண்டும். நிதி கொடுக்கும் குழு அதைப் படித்துவிட்டு முடிவெடுக்கும்.

பத்து நாள் உட்கார்ந்து எழுதினேன். அட்டவணை எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் ஒருங்கிணைப்பாளர் அக்கா அதை வாங்கி, உள்ளே போகாமல் பொருளடக்கத்திலேயே நின்றுவிட்டார். அங்கே இருந்தது இவ்வளவுதான்: முன்னுரை, மக்கள்தொகை, நகர்ப்புற மக்கள், பாலின விகிதம், எழுத்தறிவு நிலை, மாவட்ட வாரியான எழுத்தறிவு, முடிவுரை. கையிலிருந்த பென்சிலால் ஒவ்வொரு வரியையும் தொட்டுக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் நிமிர்ந்து கேட்டார்: “தம்பி, இதுல எதையாவது பார்த்து ‘இல்ல, அப்படி இல்ல’ன்னு என்னால சொல்ல முடியுமா?”

எனக்கு அப்போது புரியவில்லை. அவரே விளக்கினார். “‘எழுத்தறிவு நிலை’ன்னு போட்டிருக்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? ‘சரி’ன்னும் சொல்ல முடியாது, ‘தப்பு’ன்னும் சொல்ல முடியாது. நீ இன்னும் எதுவுமே சொல்லலியே.”

அந்த ஒரு கேள்வியில்தான் இந்த விஷயம் முழுவதும் இருக்கிறது. அந்த அறிக்கையை வைத்தே இதை விளக்குகிறேன். அதில் வரும் எண்கள் எல்லாம் கணக்கெடுப்பில் வெளியான எண்கள்.

பெயர் சொல்லும் தலைப்பும் முடிவு சொல்லும் தலைப்பும்

‘எழுத்தறிவு நிலை’ என்பது ஒரு பெயர். கீழே எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொல்கிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பேசி முடித்த பிறகு என்ன தெரிய வந்தது என்பதைச் சொல்வது வேறு வகைத் தலைப்பு. ‘நான்கில் ஒரு பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது’ என்று எழுதினால், அதைப் படித்தவர் “அப்படியா? எங்கே, காட்டு” என்று கேட்க முடியும். அடியில் இருக்கும் அட்டவணை அந்தக் கேள்விக்குப் பதிலாக அமையும்.

உங்கள் தலைப்பு எந்த வகை என்று கண்டுபிடிக்க அக்காவின் கேள்வி போதும். அதோடு நானாகச் சேர்த்துக்கொண்ட இன்னொரு சோதனையும் உண்டு. அட்டவணையில் இருக்கும் எண்களை மனதுக்குள் தலைகீழாக்கிப் பாருங்கள். பெண் எழுத்தறிவு கூடியதற்குப் பதிலாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அதே தலைப்பு பொருந்தினால், அது பெயர்தான். ‘எழுத்தறிவு நிலை’ இரண்டுக்கும் பொருந்தும். கொஞ்சம் கனமாகத் தெரியும் ‘எழுத்தறிவில் ஏற்பட்ட மாற்றங்கள்: ஓர் ஆய்வு’ என்பதும் அப்படியே பொருந்தும். ‘நிலை’, ‘மாற்றங்கள்’, ‘போக்கு’, ‘பகுப்பாய்வு’, ‘ஒரு பார்வை’ என்று முடியும் தலைப்புகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் விழுந்துவிடும். நம் பாடப்புத்தகங்களிலும் அரசு அறிக்கைகளிலும் இவற்றைப் பார்த்தே பழகியிருப்பதால் கை தானாக அங்கே போகிறது.

ஒரே அட்டவணை, ஆறு தலைப்பு

என் அறிக்கையின் நடுப்பகுதியில் இருந்த அட்டவணை இது. ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே கணக்கு.

| தமிழ்நாடு | 2001 | 2011 |
|---|---|---|
| ஆண்கள் | 82.42 | 86.77 |
| பெண்கள் | 64.43 | 73.44 |
| மொத்தம் | 73.45 | 80.09 |

முதல் தலைப்பு ‘எழுத்தறிவு நிலை’. அது போயிற்று. அக்கா என்னை எதிரில் உட்கார வைத்து, “‘இந்தப் பகுதி சொல்றது என்னன்னா’ன்னு ஆரம்பிச்சு வாய்விட்டுச் சொல்லு” என்றார். நான், “இந்தப் பகுதி சொல்றது என்னன்னா, எழுத்தறிவு கூடியிருக்கு” என்றேன். இரண்டாவது தலைப்பு அப்படிப் பிறந்தது: ‘எழுத்தறிவு உயர்ந்துள்ளது.’

இதை மறுக்க முடியும், ஆகவே இது முடிவு சொல்லும் தலைப்புதான். ஆனால் படிப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த முடிவு. பத்தாண்டில் எழுத்தறிவு கூடியிருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். அதற்கு மேல், அது மொத்த எண்ணைப் பற்றிப் பேசுகிறது. எங்கள் வகுப்புகளோ பெண்களுக்கானவை.

மூன்றாவது முயற்சியில் கொஞ்சம் உற்சாகம் கூடிவிட்டது: ‘பெண் எழுத்தறிவில் 9 சதவீத வியத்தகு முன்னேற்றம்.’ இதில் இரண்டு தவறுகள். ‘வியத்தகு’ என்பது அட்டவணையில் இல்லை, என் மனதில் இருந்தது. வியப்பதும் வியக்காததும் படிப்பவர் பாடு. இரண்டாவது தவறு கணக்கில். 64.43 என்பது 73.44 ஆனால் கூடியது 9 சதவீதப் புள்ளி, 9 சதவீதம் அன்று. 64.43-ஐ அடிப்படையாக வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 14 சதவீத உயர்வு. விஷயம் தெரிந்தவர் குழுவில் ஒருவர் இருந்தால் போதும், தலைப்பிலேயே நம்பிக்கை போய்விடும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. எவ்வளவு கூடியது என்று எழுதாமல் எங்கிருந்து எங்கே போனது என்று எழுதிவிடுங்கள்: ‘64 சதவீதத்திலிருந்து 73 சதவீதமாக’. அதில் புள்ளியா சதவீதமா என்ற குழப்பமே வராது. தசம எண்களையும் தலைப்பில் விட்டுவிடலாம். அவற்றுக்கான இடம் அட்டவணை.

நான்காவதாக நான் எழுதியதைப் பார்த்து எனக்கே திருப்தியாக இருந்தது: ‘பெண் எழுத்தறிவு ஆண்களைவிட இருமடங்கு வேகமாக உயர்ந்தது: 64-லிருந்து 73 சதவீதம்.’ ஆண்களுக்கு 4.35 புள்ளி, பெண்களுக்கு 9.01 புள்ளி. இருமடங்குக்கும் சற்று மேலே. மறுக்கக்கூடிய தலைப்பு, எண்ணோடு இருக்கிறது, பெண்களைப் பற்றிப் பேசுகிறது. அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் முதல்முறையாக, “இல்ல” என்றார்.

அன்று அவர் போட்டுக் காட்டிய கணக்கை அப்படியே எழுதுகிறேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களைப் பார்க்காமல், தெரியாதவர்களைப் பார். 2001-இல் ஆண்களில் தெரியாதவர்கள் 17.58 சதவீதம், 2011-இல் 13.23. பெண்களில் 35.57-ஆக இருந்தது 26.56 ஆனது. இரண்டு பக்கத்திலும் குறைந்தது எவ்வளவு? ஆண்களில் ஏறத்தாழ கால் பங்கு. பெண்களிலும் ஏறத்தாழ கால் பங்கு. அதாவது, இரு தரப்பிலும் ஒரே வேகம்தான். ஆண்கள் ஏற்கெனவே உயரத்தில் இருந்ததால் அவர்களுக்கு ஏற மிச்சம் குறைவாக இருந்தது, புள்ளிக் கணக்கில் பார்த்தபோது பெண்கள் வேகமாக ஓடியதுபோல் தெரிந்தது. 2001-இல் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களின் பங்கு ஆண்களின் பங்கைப் போல இருமடங்கு. 2011-லும் அதே இருமடங்கு.

கணக்கு முடிந்ததும் நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே அட்டவணையிலிருந்து ‘இடைவெளி 18 புள்ளியிலிருந்து 13 புள்ளியாகக் குறைந்தது’ என்றும் எழுதலாம், ‘பெண்கள் இன்னும் அதே இருமடங்கு பின்தங்கியிருக்கிறார்கள்’ என்றும் எழுதலாம். இரண்டும் உண்மை. முடிவு சொல்லும் தலைப்பு எழுதுவதில் உள்ள உண்மையான கஷ்டம் இதுதான். சொல் தேடுவது அப்புறம்தான். ‘எழுத்தறிவு நிலை’ என்று எழுதியிருந்தவரை இந்தக் கேள்வி எனக்குள் எழவே இல்லை. அட்டவணையை நான் சரியாகப் படிக்கவில்லை என்பதை அந்தத் தலைப்பு என்னிடமிருந்தே மறைத்து வைத்திருந்தது.

சரி, இரண்டில் எதைப் போடுவது? படிப்பவர் என்ன முடிவெடுக்கப் போகிறார் என்று பார்க்க வேண்டும். குழுவின் முன் இருந்த கேள்வி, வகுப்பு இன்னும் தேவையா என்பது. அதற்குப் பதில் சொல்வது, தெரிந்தவர்களின் வளர்ச்சி அன்று, தெரியாதவர்களின் மிச்சம். ஆகவே ஐந்தாவது தலைப்பு இப்படி வந்தது: ‘2011-லும் நான்கில் ஒரு பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, 2001-ஐப் போலவே இது ஆண்களின் விகிதத்தைப் போல இருமடங்கு.’ 26.56 சதவீதம் என்பது நான்கில் ஒருவருக்குச் சற்று மேல், அதனால் நாங்கள் மிகைப்படுத்தவும் இல்லை.

இதோடு ஒரு கடமையும் சேர்ந்து வந்தது. இடைவெளி புள்ளிக் கணக்கில் 18-லிருந்து 13 ஆகியிருப்பதைப் பகுதியின் முதல் பத்தியிலேயே எழுதினோம். தலைப்பில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் மற்றப் பக்கத்தை உள்ளே ஒளிக்கக்கூடாது. இதில் நான் இன்றும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆறாவது, சுருக்கியது. ஐந்தாவது தலைப்பு பொருளடக்கத்தில் மூன்று வரி பிடித்தது. அதில் உண்மையில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. நான்கில் ஒருவர் என்பதைப் பகுதித் தலைப்பாக வைத்து, இருமடங்கு என்பதை அடுத்த பத்திகளுக்கான துணைத் தலைப்பாக இறக்கினோம். ‘2011-லும் நான்கில் ஒரு பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.’ அதுவே அச்சுக்குப் போனது.

அட்டவணை சொல்லாததைத் தலைப்பும் சொல்லக்கூடாது

முடிவு சொல்லப் பழகியதும் கை எல்லை மீறத் தொடங்கும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. ‘பத்தாண்டில் 9 சதவீதப் புள்ளி பெண்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்’ என்று ஓரிடத்தில் எழுதிவிட்டேன். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்டவணை அதைச் சொல்லவில்லை. 2001-இல் கணக்கில் வந்த எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளில் பலர் 2011-க்குள் இறந்திருப்பார்கள். 2001-இல் ஏழு வயது நிரம்பாமல் கணக்கில் சேராத சிறுமிகள், பள்ளிக்குப் போய் 2011-இல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக உள்ளே வந்திருப்பார்கள். ஐம்பது வயதில் ஒரு பெண்கூடப் புதிதாகக் கற்காமல் இருந்தாலும் சதவீதம் உயரும். எங்களைப் போல வயது வந்தவர்களுக்கு வகுப்பு எடுப்பவர்களுக்கு இந்த வேறுபாடு சின்னது அன்று. ‘கற்றுக்கொண்டார்கள்’ என்றால் எங்கள் வேலை தானாக நடந்துவிட்டது என்று ஆகிறது.

‘சத்துணவுத் திட்டத்தால் பெண் எழுத்தறிவு உயர்ந்தது’ என்பதும் இதே வகைதான். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளின் சதவீதத்தை மட்டும் காட்டும் அட்டவணையின் மேல் ‘ஆல்’ என்ற உருபை ஏற்ற முடியாது. தலைப்பில் ‘ஆல்’, ‘காரணமாக’, ‘விளைவாக’ என்று எது வந்தாலும், கீழே அந்தக் காரணத்துக்கான சான்று தனியாக இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது என் வழக்கம். இல்லையென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடுவேன்.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. ஒன்றும் மாறவில்லை என்றால் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்துப் பெயர் சொல்லும் தலைப்புக்கே திரும்பிவிடுவது. பாலின விகிதப் பகுதியில் நான் செய்தது அதுதான். ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 2001-இல் 987, 2011-இல் 996. இதைப் பார்த்து ‘பாலின விகிதம் உயர்ந்தது’ என்று எழுதத் தோன்றும். அடுத்த வரிசையில் ஆறு வயது வரையிலான குழந்தைகளின் எண் இருந்தது: 942, அப்புறம் 943. பத்தாண்டில் அசையவே இல்லை. மொத்த விகிதம் உயரும்போது குழந்தைகளின் விகிதம் அப்படியே நிற்பதுதான் அந்தப் பகுதியில் இருந்த செய்தி. தலைப்பு இப்படி ஆனது: ‘மொத்தப் பாலின விகிதம் 996 ஆனது, குழந்தைகளிடம் 943-லேயே நிற்கிறது.’ மாறவில்லை என்பதும் ஒரு முடிவுதான். சில நேரம் பெரிய முடிவு.

தவறான முடிவைச் சொல்லும் தலைப்பு, பெயர் சொல்லும் தலைப்பைவிட ஆபத்தானது

இதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்வது கொலம்பியா விண்கலம். 2003 ஜனவரி 16-ஆம் தேதி புறப்பட்டபோது வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. கலம் சுற்றுப்பாதையில் இருந்தபோதே பொறியாளர்கள் சேதத்தைக் கணித்து, நாசா மேலாளர்களுக்குப் படக்காட்சித் தாள்களாகக் கொடுத்தார்கள். அதில், கலத்தை வெப்பத்திலிருந்து காக்கும் ஓடுகளைப் பற்றிய ஒரு தாளின் தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘ஓடுகள் துளைபடுவது பற்றிய கணிப்பு பாதுகாப்பான பக்கமே இருப்பதைச் சோதனைத் தரவுகள் காட்டுகின்றன.’

பார்த்தால் அருமையான முடிவு சொல்லும் தலைப்பு. பெயர் இல்லை, வினை இருக்கிறது, மறுக்க முடியும். ஆனால் அதே தாளின் அடியில், சிறிய எழுத்தில் வேறொரு செய்தி இருந்தது. மோதியதாகக் கணிக்கப்பட்ட துண்டின் கன அளவு 1920 கன அங்குலம். சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு வித்தியாசம். சோதனைத் தரவுகள் எட்டும் தூரத்துக்கு மிகவும் வெளியே இந்த மோதல் நடந்திருக்கிறது என்று அந்த வரியே ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் அந்தத் தாளின் உண்மையான முடிவு மேலே இல்லை, கடைசி வரியில் இருந்தது.

பிப்ரவரி 1-ஆம் தேதி கலம் திரும்பும்போது சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். விபத்தை விசாரித்த குழு தன் அறிக்கையில் இந்தத் தாளையே எடுத்துப் போட்டது, தரவுகளைக் காட்சியாகத் தருவது பற்றி எழுதும் அறிஞர் எட்வர்ட் டஃப்டி அதை வரிவரியாகப் பிரித்துக் காட்டியதையும் சேர்த்தது. மூத்த மேலாளர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, உயிர் போகும் விஷயம் இது என்பதை உணராமல் போவது எளிது என்பதே குழுவின் கருத்து. ஒரு தலைப்புதான் விபத்துக்குக் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. அந்தத் தாள் ஓடுகளைப் பற்றியது, துளை விழுந்ததோ இறக்கையின் முன்விளிம்பில். அமைப்பு முழுவதிலும் பல தவறுகள் இருந்தன. ஆனாலும் ஒரு தலைப்பு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடக் கனமான உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்தத் தாளுக்கு நான் எழுதுவதாக இருந்தால்: ‘சோதித்ததைவிட 640 மடங்கு பெரிய துண்டு மோதியிருக்கிறது, சேதத்தைக் கணிக்க நம்மிடம் தரவு இல்லை.’ ‘தெரியவில்லை’ என்பதும் முடிவாகத் தலைப்பில் ஏறலாம், ஏற வேண்டும். முடிவு சொல்ல வேண்டும் என்பதற்காகத் தெளிவில்லாத ஒன்றைத் தெளிவானதாக ஆக்கிவிடக்கூடாது. தலைப்பை எழுதியதும், அந்தப் பகுதியின் கடைசிப் பத்தியை ஒருமுறை போய்ப் படித்துப் பாருங்கள். ‘ஆனால்’, ‘எனினும்’ என்று தொடங்கும் வாக்கியம் அங்கே இருந்தால், அது தலைப்பைக் கவிழ்க்கிறதா என்று பாருங்கள். கவிழ்த்தால், அதுதான் தலைப்பு.

தமிழில் வினை கடைசியில் வருவதால் வாக்கியம் குட்டையாக இருக்க வேண்டும்

நம் மொழியில் செய்தியைத் தாங்கும் வினை கடைசியில் வருகிறது. ‘2001-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுக் காலத்தில் தமிழகத்தின் ஊரக, நகர்ப்புறப் பகுதிகளில் வாழும் பெண்களின் எழுத்தறிவு விகிதம்’ வரை படித்தும் கூடியதா குறைந்ததா என்று தெரியாது. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே அடைமொழிகள் குவிந்தால் படிப்பவர் காத்துக் கிடக்க வேண்டும். நான் பத்து, பன்னிரண்டு சொல்லுக்குள் நிறுத்திக்கொள்கிறேன். ஊர், ஆண்டு எல்லாம் அறிக்கையின் முகப்பிலேயே இருந்தால் ஒவ்வொரு தலைப்பிலும் அவற்றைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

நாளிதழ்களில் வினைக்குப் பதில் ‘உயர்வு’, ‘சரிவு’, ‘குறைவு’ என்று பெயர்ச்சொல்லில் முடிப்பார்கள். இடம் மிச்சமாகும், படிக்கவும் பழக்கமானது. அறிக்கையில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘பெண் எழுத்தறிவு உயர்வு’ என்றால் உயர்ந்தது என்ற செய்தியாகவும் இருக்கலாம், உயர்வைப் பற்றிய பகுதி என்ற பெயராகவும் இருக்கலாம். ‘விலை உயர்வு’ என்று நாம் எப்படிச் சொல்கிறோம் என்று யோசியுங்கள். எண் ஒன்று பக்கத்தில் வந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்: ‘பெண் எழுத்தறிவு 73 சதவீதமாக உயர்வு’. எண் இல்லையென்றால் முழு வினையோடு முடித்துவிடுவதே நல்லது.

‘அதிகரிக்கப்பட்டுள்ளது’, ‘காணப்படுகிறது’, ‘கண்டறியப்பட்டுள்ளது’ போன்றவையும் தலைப்பில் வேண்டாம். ‘எழுத்தறிவு இடைவெளி அதிகமாகக் காணப்படுகிறது’ என்பதை ‘எழுத்தறிவு இடைவெளி அதிகம்’ என்று எழுதினால் எதுவும் குறையவில்லை.

பொருளடக்கத்தை மட்டும் படித்தால் வாதம் தெரிய வேண்டும்

எல்லாத் தலைப்பையும் மாற்றி முடித்ததும் அக்கா மறுபடி பொருளடக்கத்தைத்தான் திறந்தார். இப்போது அது இப்படி இருந்தது:

> பத்தாண்டில் மக்கள்தொகை 97 லட்சம் கூடி 7.21 கோடி ஆனது
> பாதிக்குச் சற்றே குறைவானவர்கள் நகரங்களில் வாழ்கிறார்கள்
> மொத்தப் பாலின விகிதம் 996 ஆனது. குழந்தைகளிடம் 943-லேயே நிற்கிறது
> 2011-லும் நான்கில் ஒரு பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது
> கன்னியாகுமரி 92 சதவீதம், தர்மபுரி 69: மாவட்டங்களுக்கிடையே இடைவெளி பெரிது

வரிசையாகப் படித்ததும் ஒரு குறை கண்ணில் பட்டது. முதல் மூன்று வரிகளும் உண்மை, ஆனால் வகுப்பு வேண்டுமா என்ற கேள்விக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. மக்கள்தொகை, நகரம், பாலின விகிதம் எல்லாம் கணக்கெடுப்பு அறிக்கையில் வருகின்றன என்பதற்காக நானும் சேர்த்திருந்தேன். ‘மக்கள்தொகை’ என்ற பெயரோடு இருந்தவரை அது இயல்பாகத் தெரிந்தது. முடிவை எழுதியதும், அந்த முடிவு இந்த அறிக்கைக்கு எதற்கு என்ற கேள்வி வந்துவிட்டது. மூன்று பகுதிகளையும் பின்னிணைப்புக்கு அனுப்பினோம். பாலின விகிதத் தலைப்பை அனுப்ப எனக்கு மனமே இல்லை, அவ்வளவு நல்ல செய்தி அது. அக்கா சொன்னது சரிதான், அதற்கு வேறொரு அறிக்கை வேண்டும். பத்துப் பக்கம் ஆறாகக் குறைந்தது. மாவட்டப் பகுதி மேலே ஏறி, எந்த மாவட்டத்தில் தொடங்குவது என்ற பகுதிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

ஒரு பகுதிக்கு எவ்வளவு முயன்றும் முடிவுத் தலைப்பு வரவில்லையென்றால், பெரும்பாலும் அங்கே முடிவே இருக்காது. அல்லது இரண்டு முடிவுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இருக்கும். முதல் நிலையில் பகுதியைப் பின்னால் அனுப்ப வேண்டும், இரண்டாவதில் பிரிக்க வேண்டும். ஒரு குறுக்குவழியும் உண்டு. பகுதியின் கடைசிப் பத்தியில் ‘ஆக’, ‘எனவே’ என்று தொடங்கும் வாக்கியத்தைத் தேடுங்கள். எழுதி எழுதி நாம் கண்டுபிடித்தது அங்கேதான் கிடக்கும். அதைச் சுருக்கி மேலே ஏற்றினால் பல நேரம் தலைப்பு தயார்.

சில தலைப்புகள் பெயராகவே இருக்கட்டும்

‘தரவு எடுத்த முறை’, ‘சொல் விளக்கம்’, ‘பின்னிணைப்பு’ ஆகியவற்றை யாரும் முடிவுக்காகப் படிப்பதில்லை, தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். தேடுபவருக்குப் பெயர்தான் உதவும். அங்கே வாக்கியம் எழுதினால் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.

பல அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் தலைப்புகள் முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். படிவத்தில் ‘5. எழுத்தறிவு நிலை’ என்று அச்சிட்டிருந்தால் அதை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இருக்காது. மாற்றவும் வேண்டாம். அந்தத் தலைப்பை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு நேர் கீழே ஒரே ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்: 2011-லும் நான்கில் ஒரு பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்புறம் ஒரு வரி இடைவெளி விட்டு அட்டவணையைத் தொடங்குங்கள்.